எண் இல்லாத வரிகள்

என் மருமகள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் டிடிபி கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பரீட்சை வினாத்தாள் எல்லாம் அடித்துக் கொடுப்பாள். புரூஃப் பார்ப்பது நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு அந்த வேலையா என்று சிரிப்பவர்கள் உண்டு. படித்தவர்கள் பாதிச் சொல்லைப் பார்த்ததும் மீதியை நினைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். நான் எழுத்துக்கூட்டித்தான் நகர்வேன், அதனால் தப்பு என் காலில் இடறும். இந்தப் பெருமையை நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரே கோயிலைக் கும்பிடும் பங்காளிகளின் புத்தகம் ஒன்று வந்தது. முன்பாதி கோயில் வரலாறு, பின்பாதி குடும்பங்களின் பட்டியல். வயதானவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில் மறுபடி அச்சிட வேண்டும். பழைய புத்தகத்தின் பிடிஎஃப் மட்டும்தான் இருந்தது.

பிடிஎஃப்பில் இருந்து எடுத்து வேர்டில் ஒட்டினால், நல்லவேளையாக எழுத்து எழுத்தாகவே வந்தது. ஆனால் பழைய தாளின் அகலத்தை அது விடவில்லை. அங்கே வரி எங்கெங்கே மடங்கியதோ, இங்கேயும் அங்கங்கே என்டர் தட்டியது மாதிரி உடைந்து நின்றது. “தேவ” என்று ஒரு கோடு போட்டு ஒரு வரி முடியும். “கோட்டை” அடுத்த வரியில் தனியாகக் கிடக்கும். பெரிய எழுத்தாக்கியதும் வரிகள் நீளமும் குட்டையுமாகி, கறையான் தின்ற ஓலைத்தட்டி போல ஆயிற்று.

மருமகள் அதற்கு ஒரு வரிசை வைத்திருந்தாள். வரலாற்றில் பத்திக்குப் பத்தி ஒரு வெற்று வரி இருந்தது. முதலில் அந்த இடங்களில் எல்லாம் வேறெங்கும் வராத ஓர் அடையாளத்தை நட்டாள். பிறகு கோட்டோடு முடியும் வரிகளில் அந்தக் கோட்டை நீக்கி, அடுத்த வரியோடு ஒட்டினாள். அதன்பின் மிச்சமிருந்த உடைப்புகளை எல்லாம் ஓர் இடைவெளியாக மாற்றினாள். கடைசியில் அடையாளம் நட்ட இடத்தில் மட்டும் பத்தியைப் பிரித்தாள்.

“மொதல்லயே எல்லாத்தையும் சேத்துட்டா என்னத்தா?” என்று கேட்டேன்.

“பத்தி எங்க முடியுதுன்னே தெரியாமப் போயிரும் அத்தை. நீங்க ஊர்க்கத பேசுற மாதிரி நிக்காமப் போகும்.”

கோடு எடுப்பதில் மட்டும் அவள் ஒவ்வொன்றிலும் நின்று, என்னிடம் கேட்டுக்கொண்டு போனாள். “அண்ணன்-தம்பி” வரி ஓரத்தில் உடைந்திருந்தால் அந்தக் கோடு இருக்க வேண்டிய கோடு. அதை மிஷின் அறியாது.

வரலாறு அழகாக முடிந்தது. பட்டியலில்தான் நான் வாயை விட்டேன். அதில் வெற்று வரிகளே இல்லை. சில முகவரிகள் நீளமாகி இரண்டாம் வரிக்கு மடங்கியிருந்தன. மருமகள் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இதுல என்ன யோசன? எண்ணுல ஆரம்பிச்சா புது ஆளு. எண் இல்லாட்டி மேல் வரியோட வால். ஒட்டி விடு.”

அவளுக்கும் அது சரியாகப் பட்டது. எண்ணில் தொடங்கும் வரிகளுக்கு முன்னால் மட்டும் அடையாளம் நட்டு, மற்றதை எல்லாம் சேர்த்தாள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை காலை நெற்குப்பை ஊரிலிருந்து ஓர் ஆச்சி புரூஃப் பார்க்க வந்தார். புத்தகத்தைப் போடும் பெரியவர் அவருடைய கொழுந்தனார். ஆச்சி கண்ணாடியைத் துடைத்து, நேராகப் பட்டியலுக்குப் போனார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

“நான் எங்க இருக்கேன்?”

“அந்தா இருக்கீகளே ஆச்சி” என்று நான் காட்டினேன். கொழுந்தனாரின் பெயர், அவர் மனைவியின் பெயர், தெரு, கதவிலக்கம். அதன் பின்னாலேயே, ஓர் இடைவெளி விட்டு, ஆச்சியின் பெயரும் கதவிலக்கமும்.

“இது அவுக வீடு. நான் அவுக வீட்டுலயா இருக்கேன்? பழைய புத்தகத்துல எனக்குன்னு ஒரு வரி இருந்துச்சு.”

அப்போதுதான் உறைத்தது. இந்தப் பங்காளிகளில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. பழைய புத்தகத்தில் முழுப்புள்ளிக்கு மட்டும் எண் கொடுத்து, அரைப்புள்ளியை எண் இல்லாமல் கீழே தனி வரியாகப் போட்டிருக்கிறார்கள். நான் சொன்ன சட்டம் அவர்களை எல்லாம் மேல் வரியில் இருந்த வீட்டுக்கு வாலாக்கிவிட்டது. நானும் துணையை இழந்தவள்தான். எனக்கே தோன்றவில்லை.

“பழி என்னுதுதான் ஆச்சி. அவ யோசிச்சா, நான்தான் அவசரப்படுத்தினேன்.”

“நீகளும் தனியா இருக்கவுகதானே?”

“ஆமா. எனக்கு எண்ணும் இல்ல, வரியும் இல்ல. இவ ரேஷன் கார்டுல கடைசியாத் தொங்குறேன்.”

ஆச்சி சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மருமகள் கொழுந்தனாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அண்ணமிண்டி, எல்லாம் ஒரே வளவு, ஒரே குடும்பந்தானே. பேரு இருக்குல்ல, அது போதும். திங்கக்கெழம அச்சுக்குப் போகணும்” என்றார் அவர். அண்ணன் மனைவியை அவர்கள் ‘அண்ணமிண்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பேரு ஒங்க வீட்டு அட்ரஸோட ஒட்டிக் கெடக்கு தம்பி. நாளைக்கி கோயில்ல இருந்து எனக்கு வர்ற அழைப்பு ஒங்க வாசலுக்கு வரும். நான் ஒங்ககிட்ட வந்து கேட்டு வாங்கணும். அங்குட்டும் இங்குட்டும் அலைய இந்த வயசுல எனக்குக் காலு இல்ல.”

“சரி, சாயங்காலத்துக்குள்ள முடியுமான்னு கேளுங்க” என்று வைத்துவிட்டார்.

மருமகள் பிடிஎஃப்பைப் பக்கம் பக்கமாக அச்செடுத்தாள். பழைய தாளில் பார்த்தால் பதில் அங்கேயே இருந்தது. மடங்கிய வரிக்கு மேல் வரி ஓரம் முட்ட ஓடியிருந்தது. தனி ஆளுக்கு மேல் வரி பாதியிலேயே நின்றிருந்தது. மடங்கிய வரி கொஞ்சம் உள்ளேயும் தள்ளியிருந்தது. ஒட்டும்போது அந்தத் தள்ளல் தொலைந்து போயிருக்கிறது. நான் எழுத்தை மட்டும் பார்த்தவள். தாளின் ஓரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் பழைய தாளில் விரல் வைத்து வாசித்தேன். மேல் வரி முட்டியதா, நின்றதா என்று சொன்னேன். மருமகள் நின்ற இடத்தில் என்டர் தட்டினாள். ஆச்சி ஒவ்வொரு பெயரையும் கேட்டுத் தலையாட்டினார். மத்தியானம் மூன்று பேருக்கும் டீயும் பன்னும்தான். மேல் வீட்டோடு ஒட்டிக் கிடந்தவர்கள் ஆச்சியோடு பதினோரு பேர். மற்ற பத்துப் பேரும் புரூஃப் பார்க்க வரவில்லை. வந்திருக்கவும் மாட்டார்கள். புத்தகம் கைக்கு வந்த பிறகு, பார்த்துவிட்டு மூடி வைத்திருப்பார்கள்.

ஒன்பதாவது பெயரை வாசித்தபோது ஆச்சி கையை உயர்த்தினார்.

“இவுக போன மாசம் போய்ச் சேந்துட்டாக.”

மருமகள் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தபடி ஆச்சியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆச்சி வெளியே தெருவைப் பார்த்தார்.

“எடுக்கணும்னா அவுக மகன் வந்து எடுக்கச் சொல்லட்டும். ஒட்டுனதத்தான நாம பிரிக்க ஒக்காந்திருக்கோம். பிரிச்சு விடு ஆத்தா.”

மருமகள் விரலை எடுத்து, பெயருக்கு முன்னால் என்டர் தட்டினாள். இறந்துபோனவர் தனி வரிக்கு இறங்கி வந்தார். நான் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன்.