லீவுச் சீட்டில் யார் கையெழுத்து

எட்டாவதோடு படிப்பை விட்ட என்னைத் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டும் பட்டறையில் புராஜெக்ட் மேனேஜர் ஆக்கினார்கள். வண்டி தேதிக்குள் போகாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான். வேலை செய்கிறவர்களோ அந்தந்தப் பிரிவு போர்மேன்களின் ஆட்கள். நான் கெஞ்சத்தான் முடியும்.

முதலாளியிடம் முறையிட்டேன். "இனி ஆளுங்க ரெண்டு பேருக்குமே கட்டுப்படட்டுமுங்க" என்றார். லீவுச் சீட்டில் போர்மேனோடு நானும் கையெழுத்திட்டேன். ஆனால் வண்டி கிளம்ப நான்கு நாள் இருக்கையில் வெல்டிங் பிரிவு போர்மேன் என் வெல்டரை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டார்.

"நீங்க கூப்டா வாரேனுங்ணா. ஆனா சம்பள உயர்வுக்கு எழுதறது போர்மேன்தானுங்களே?" என்றார் வெல்டர்.

வண்டி தாமதமானது. எல்லார் முன்னாலும் திட்டு எனக்கு மட்டும். தூக்கம் கெட்டு, முதலாளியிடம் கேட்டேவிட்டேன்: "திட்டு எனக்கு, ஆளு அவருக்குங்களா? அடுத்த வண்டிக்கு ஆறு பேரை முழுசா எங்கிட்ட உடுங்க."

விட்டார். லீவு, சம்பள உயர்வு எல்லாம் என் கையெழுத்துதான். வண்டி ஒரு நாள் முன்னதாகவே போனது.

மறுநாள் வெல்டர் கேட்டார்: "வண்டி போயிருச்சு. இனி நாங்க யாரு ஆளுங்ணா?"

அந்த ஆறு பேர் இடத்திலும் போர்மேன் புது ஆட்களை வைத்திருந்தார். பயந்தபடியே முதலாளியிடம் ஓடினேன்.

"உங்க ஆளுங்கதானே? அடுத்த ஆர்டர் வர்ற வரைக்கும் லீவு போட்டு உடுங்க."

அவர்கள் கேட்காத லீவு, சம்பளம் இல்லாத லீவு. ஆறு சீட்டிலும் என் கையெழுத்து மட்டுமே இருந்தது.