ஜனவரி முப்பத்தொன்று என்று சொன்ன போலிக் கடிகாரம்

சோதனையை ஓட்டும் முன் மேசை நாட்காட்டியை ஒருமுறை தட்டுவது அவனுக்குப் பல வருடப் பழக்கம். மருத்துவமனை நோயாளிகளுக்கு அடுத்த மாத ஊசித் தேதியை அனுப்பும் நிரல் அவன் எழுதியது. தினமும் காலையில் தானாக ஓடும். மாதக் கடைசியில் சறுக்குமோ என்று பார்க்க, அதற்குள் ஒரு போலிக் கடிகாரத்தைச் செலுத்தி, இன்று ஜனவரி முப்பத்தொன்று என்று சொல்ல வைத்தான். சோதனை தேறியதாகப் பச்சை காட்டியது. உண்மையில் அன்று தேதி பதினான்கு.

"அண்ணா, அடுத்த மாசத் தேதிய கணக்குப் போடுற இடம் இன்னும் நிஜக் கடிகாரத்தத்தான் கேக்குது. இன்னிக்குப் பதினாலுங்கறதாலதான் பச்ச வந்துச்சு," என்றாள் சோதனைப் பிரிவுப் பெண்.

"பொறக்கும்போதே சந்தேகத்தோட பொறந்தியா தங்கச்சி? பச்சையப் பாரு, போ."

நிஜமான ஜனவரி முப்பத்தொன்று வந்தது. நிரல் பிப்ரவரி முப்பத்தொன்றைத் தேடி அப்படியே நின்றது. ஒரு நோயாளிக்கும் செய்தி போகவில்லை.

மேலாளர் காரணம் கேட்டார். வீட்டில் முதல் பட்டதாரி அவன். நான்கு பேர் அவன் கையை நம்பியிருந்தார்கள். 'சோதனைப் பிரிவு கவனிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தான். அந்த வாரமே அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

பிறகு எத்தனையோ நிரல்களைத் திருத்தினான். "தப்பு என்னோடது" என்று அவளுக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு வரி மட்டும் இன்றுவரை பாக்கி.