நான் திருப்பாத ஆறு

அப்பா ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வேலை பார்க்கும் ஆற்றைப் பார்த்தே தீருவேன் என்று ரயில் மாறி ரயில் ஏறி, அசாமில் மலையடிவாரத்திலிருக்கும் எங்கள் வெள்ளத்தடுப்புப் பொறியாளர் முகாமுக்கு வந்துவிட்டார். கரையில் கொண்டுபோய் நிறுத்தியதும் முகம் விழுந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் கூழாங்கல். அதற்குள் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும் ஒல்லி ஒல்லியான தண்ணீர்.

"ஏங்கண்ணு, இதுல ஆறு எது?"

"எல்லாமேதானுங்கப்பா."

எங்கள் சேர்வராயன் மலை ஓடைகள் பாறைக்குள் சிக்கியவை, நினைத்தாலும் நகர முடியாது. இது அப்படியில்லை. மழைக்காலத்தில் மேலே மலை சரிந்து விழும் மண்ணும் கல்லும் இதற்குள்தான் வருகின்றன. அடிவாரத்தில் சரிவு குறைந்ததும் அத்தனையையும் இழுத்துப்போகத் தெம்பு இருக்காது. கனமான கல்லை நடுவழியில் போட்டுவிடும், அது மேடாகும். தண்ணீர் மேட்டுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து, கட்டுக்கோப்பில்லாத மணல் கரையை அறுக்கும். அறுத்ததைக் கொஞ்சம் கீழே கொண்டுபோய் இன்னொரு மேடாகப் போடும். ஒரு கிளையின் வாய் கல்லால் தூர்ந்தால் பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவிவிடும். இதையெல்லாம் அப்பாவுக்கு மூச்சு விடாமல் விளக்கினேன். விளக்குவதில் எனக்கு என்றைக்குமே குறைச்சல் இல்லை.

விளக்காமல் விட்டது ஒன்றுதான். போன மழைக்கு முன்னால் நாங்கள் முகாமை ஒட்டிய ஊரின் கரையில், கம்பி வலைக்குள் கல்லை நிரப்பி, ஆற்றுக்குள் நீட்டியபடி தடுப்புகள் கட்டியிருந்தோம். அந்த மழையில் பெரிய கிளை ஊரை விட்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டது. ஊர் பிழைத்தது. ஆனால் நான் மேலே நடந்துபோய் அளந்து பார்த்திருந்தேன். அந்தக் கிளை பிரியும் இடத்திலேயே கல் மேடு விழுந்து வாய் அடைபட்டிருந்தது. எங்கள் தடுப்புகளின் அடி சரியாக நனையக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் ஊரில் பாராட்டுக் கூட்டம். சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டை என் தோளில் போட்டார்கள். ஆற்றைத் திருப்பிய பெண் என்றார்கள். அப்பாவுக்கும் ஒரு துண்டு. பாஷை ஒரு வார்த்தை புரியாமலே அவர் அழுதார். அவர் அழுவதைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலையில், முன்பு வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒருவர் எங்களைக் கூப்பிட்டுப் போனார். ஆறு விட்டுப்போன பள்ளத்தில், தன் பழைய இடத்திலேயே, புது வீட்டுக்குக் குழி தோண்டியிருந்தார். முதல் கம்பத்தை நான்தான் நட வேண்டுமாம். மனைவி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அடி வரைக்கும் உருண்டைக் கல், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து படிந்திருந்தது, தண்ணீர் தள்ளி அடுக்கியது. அடியில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது.

கம்பத்தைப் பிடித்த கையை எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை அசாமிய மொழியில் சொன்னேன்: ஆற்றை நாங்கள் திருப்பவில்லை, அது தானாகப் போனது. அந்தப் பக்கமும் கல் விழுந்து உயர்ந்தால் தாழ்ந்த இடம் இதுதான், இங்கேதான் வரும். அடுத்த மழையிலேயே வரலாம், சில வருஷம் கழித்தும் வரலாம்.

 அவர், நேற்று ஊரே உட்கார்ந்திருந்ததே, அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினார். பள்ளம் நெடுக, வீடு கட்ட வெட்டிய மூங்கில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. எல்லோரும் என்னை நம்பித்தான் வெட்டியிருந்தார்கள்.

"என்ன கண்ணு சொல்லிப்போட்ட? அந்தாளு மூஞ்சி ஏன் இப்பிடிப் போச்சு?"

"நாங்க கட்டுனதுல ஆறு திரும்பலீங்கப்பா. அதுவா போச்சு. அதுவா வந்துரும். இங்க ஊடு கட்டுனா போயிருமுங்க."

"நேத்தே தெரியுமா?"

"தெரியுமுங்க."

 அப்பா திட்டியிருந்தால் நொந்துகொண்டாவது நின்றிருப்பேன். "மூங்கி வெட்டிப் போட்டவங்க ஊட்டுக்கெல்லாம் போயி சொல்லிப்போட்டு வரலாம், வா" என்று முன்னால் நடந்தார்.

வேண்டாங்கப்பா, நீங்க முகாமுக்குப் போங்க என்றேன். காதிலேயே வாங்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் முந்தின நாள் மாதிரியே சிரித்துக்கொண்டு வரவேற்று, அவருக்குத்தான் முதலில் நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. நான் வாய் திறப்பதற்கு முன்பே, பாஷை தெரியாத அந்த மனிதர், அந்த வீட்டாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.