இதோ வந்துவிடுகிறோம்

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவரிடம் யாரும் "இல்லை" என்று சொல்லிவிடமாட்டோம். தேடி வந்த ஆள் வெளியூர் போயிருந்தாலும், "வந்துருவாங்க, உக்காருங்க" என்று தண்ணீர் கொடுப்போம். அந்தப் பழக்கத்தை நான் மெயிலிலும் கொண்டுபோய் வைத்தேன்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் கட்டில் விரிப்பு தைக்கும் கம்பெனி நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் பார்க்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஆனாலும் கம்பெனியிலிருந்து போகிற ஒவ்வொரு மெயிலும் என் வாயிலிருந்துதான் போகவேண்டும். நான் தமிழில் சொல்வேன், ஆபீஸ் பெண் இங்கிலீஷில் அடிப்பாள். நலம் விசாரித்து, மழை விசாரித்து, குழந்தைகளை விசாரித்த பிறகுதான் சரக்கைப் பற்றிப் பேச விடுவேன்.

"ஏனுங்கம்மா, விசயத்துக்கு வர்றதுக்குள்ள அவங்க தூங்கிருவாங்க."

"தூங்கட்டும் சாமி. எடுத்த எடுப்புல விசயம் பேச நாமென்ன கோர்ட்டுச் சேவகரா?"

மாரியம்மன் நோம்பிக்கு, எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு, கம்பெனியைப் பூட்டும்போது, மெயில் போடுகிறவர்களுக்குத் தானாகவே ஒரு பதில் போகும்படி வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள் ஆபீஸ் பெண். என்றைக்கு வரை லீவு, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, இந்த இரண்டும் இருந்தால் போதுமாம். அடித்து வாசித்துக் காட்டினாள். "அலுவலகத்தில் யாரும் இல்லை" என்று இருந்தது.

"நோம்பியும் அதுவுமா இல்லைன்னு எழுதறயா? அழிச்சுப்போடு. உங்க கடிதம் கெடச்சுது, கொஞ்சம் பொறுங்க, இதோ வந்துடறோம்னு போடு."

"தேதிங்க? அவசரத்துக்குக் கட்டிங் மேஸ்திரி நம்பராச்சும் போடட்டுங்களா?"

"எங்கிட்டப் பேசாம மேஸ்திரிகிட்ட எதுக்குப் பேசோணும்?"

"அப்ப உங்க நம்பருங்கம்மா."

"தீச்சட்டி எடுக்கறவ போனையும் தூக்கீட்டுப் போவாளா? சொன்னதை அடி."

அடித்தாள்.

நோம்பி நடக்கும்போது, எங்களிடம் விரிப்புக்கு ஆர்டர் கொடுத்திருந்த சென்னை ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து மெயில் வந்திருக்கிறது. சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்த பெண் எழுதியது. புது வார்டுக்கு வந்த கட்டில்கள் நீளம் அதிகம், வெட்டுவதற்கு முன் அளவை மாற்றுங்கள் என்று. எங்கள் பதில் அடுத்த நிமிஷமே போயிருக்கிறது. கடிதம் கிடைத்தது, இதோ வந்துவிடுகிறோம். அவர் அதை நம்பி, அளவை மாற்றிவிடுவார்கள் என்று தன் அதிகாரியிடம் சொல்லிவிட்டார். மறுநாள் திரும்ப எழுதினார். ஒருவருக்கு ஒரு முறை பதில் போய்விட்டால் சில நாளைக்கு அவருக்கே மறுபடி போகாதாம். அதனால் இரண்டாவது மெயிலுக்கு ஒன்றுமே போகவில்லை. ஆபீஸ் போனுக்கு அடித்திருக்கிறார். பூட்டின அறையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

நோம்பி முடிந்து, ஆபீஸுக்கு ஒரு நாள் முந்தியே கட்டிங் ஹால் திறந்தது. மேஸ்திரி பழைய அளவிலேயே வெட்டிவிட்டார். மறுநாள் ஆபீஸ் பெண் வந்து மெயிலைத் திறந்து, இரண்டையும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். "நான் அப்பவே சொன்னேன்" என்றிருந்தால் சண்டை போட்டுத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

நானே போன் போட்டேன்.

"இதோ வர்றோம்னு எழுதியிருந்தீங்களேம்மா," என்றார் அந்தப் பெண். "லீவுன்னு ஒரு வார்த்தை இருந்தா நான் வேற வழி பாத்திருப்பேன். வார்டு திறக்கற தேதி முடிவாயிடுச்சு. எங்க சார், நான் பொய் சொன்னேன்னு நினைக்கிறார்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மரியாதை என்று நான் நினைத்தது என்னுடைய கௌரவம்தான். அதைக் காப்பாற்ற முகம் தெரியாத ஒரு பெண்ணின் பேச்சைப் பொய்யாக்கினேன்.

புதுத் துணி எடுத்து, வெட்டித் தைத்து லாரியில் ஏற்றினோம். போய்ச் சேருவதற்குள் வார்டு திறந்துவிட்டது. வேறெங்கோ வாங்கிய விரிப்பை விரித்துத் திறந்தார்களாம். லாரி ஏற்றின அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு ஒரு மெயில் எழுதச் சொன்னேன்.

"மொதல் வரி என்னங்கம்மா?"

"வணக்கம். கட்டில் விரிப்பு அளவு மாறிப்போனது எங்க தப்பு, உங்க தப்பு இல்லை. இதை உங்க சாரும் படிக்கோணும்."

"மழை கேக்கலீங்களா?"

"அடி, போதும்."

அனுப்பின நிமிஷமே பதில் வந்துவிட்டது. மன்னித்துவிட்டார் என்று கண்ணாடியைத் தேடினேன். ஆபீஸ் பெண் மெதுவாக வாசித்தாள்.

"வணக்கம். உங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி. நான் இப்போது கொள்முதல் பிரிவில் இல்லை. கொள்முதல் தொடர்பாகக் கீழே உள்ள அலுவலரை அணுகவும்."

கீழே வேறொருவர் பெயர், நம்பர், ஆபீஸ் நேரம், எல்லாம் இருந்தன. ஒரு குறை சொல்ல முடியாத பதில். அந்தப் புது ஆளுக்கும், அவர் அதிகாரிக்கும் அதே கடிதத்தை அனுப்பச் சொன்னேன். அதிகாரியிடமிருந்து "சரக்கு கிடைத்தது" என்று மட்டும் வந்தது. அந்தப் பெண்ணை எந்தப் பிரிவுக்கு மாற்றினார்கள் என்று கேட்டு எழுத எனக்கு முகமில்லை.