பாதிச் சோறு போதும்

அந்த ஆல்பத்தை வாங்கிக் கொடுத்தவர் முலுண்டில் இருந்த மாமா, என் அத்தையின் கணவர். கெட்டியான கறுப்புத் தாள்கள், இடையிடையே கண்ணாடி போன்ற மெல்லிய தாள், படத்தின் நான்கு மூலைகளையும் செருகி ஒட்டக் குட்டிக் குட்டி முக்கோணங்கள், எழுத ஒரு வெள்ளைப் பென்சில். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வரி எழுதினால்தான் அது ஆல்பம், இல்லாவிட்டால் வெறும் அட்டைதான் என்று மாமா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் இருந்தவை மொத்தம் மூன்று படங்கள். மூன்றிலும் நான்தான் கைக்குழந்தையாக அழுதுகொண்டிருந்தேன். மூன்று வரிகளை எழுதி முடித்தபின் வெள்ளைப் பென்சிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. எனக்குப் பத்து வயது. மாட்டுங்கா லேபர் கேம்பில் மழைக்கு முன்னால் எல்லா வீடுகளிலும் கூரைக்குத் தார்ச்சீட்டுப் போடுவார்கள். அதற்காக அம்மா மாளாவைக் காலி செய்தாள். அறைக்கு மேலே பலகை அடித்த பரணுக்கு பம்பாயில் மாளா என்றுதான் பெயர். நான் மேலே ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். உடைந்த தொட்டிலுக்குப் பின்னால், மூலையில், துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. அம்மாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் உள்ள அப்பாவின் சாமானாக இருக்கும் என்றாள். அப்பா தாராவியில் தோல் ஷாப்பில் வேலைக்குப் போயிருந்தார்.

டப்பாவுக்குள் இரண்டு படங்களும் பதினொரு தபால் உறைகளும் இருந்தன. உறைகளில் இங்கிலாந்து ராஜாவின் தலை அச்சாகியிருந்தது. ஒரு படத்தில், ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மீசை சரியாக முளைக்காத அப்பா. அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். மூக்கை வைத்து அத்தை என்று கண்டுபிடித்துவிட்டேன். இன்னொன்று பள்ளிக்கூடத்தில் எடுத்தது. நாலு வரிசைப் பிள்ளைகள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால், ‘மூணாவது வரிசையில் நான். கண்ணை மூடிட்டேன்’ என்று எழுதியிருந்தது.

பதினொன்றில் ஒரு உறைதான் பிரித்திருந்தது; பள்ளிக்கூடப் படம் அதில் வந்ததாக இருக்க வேண்டும். மற்ற பத்தும் ஒட்டியபடியே இருந்தன. சோற்றைத் தேய்த்து ஒட்டியிருந்ததால் மடிப்பு கல்லாகிவிட்டிருந்தது. அப்பா சவரம் செய்யும் பிளேடை எடுத்து ஓரத்தில் நறுக்கி எல்லாவற்றையும் திறந்தேன். தப்பு என்று தோன்றவில்லை. முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். எங்கள் வரிசை வீடுகளில் மற்ற பிள்ளைகள் ஹிந்தியிலேயே சண்டை போட்டு ஹிந்தியிலேயே ராசியாகிவிடுவார்கள். தமிழில் எழுதிய எதுவும் எனக்குச் சொந்தம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

படத்தின் பின்னால் இருந்தது உட்பட எல்லாம் அத்தை எட்டு ஒன்பது வயதில், ஊரில் தன் பெரியப்பா வீட்டிலிருந்து அப்பாவுக்கு எழுதியவை. தாய் தகப்பன் போனபின் அத்தையை அங்கே விட்டுவிட்டு அப்பா பம்பாய்க்கு வந்தது எனக்குத் தெரியும். கோழி அடை வைத்தது, குஞ்சுகளைப் பருந்து வட்டமிடுவது, ஒன்பது நாளாகக் காய்ச்சல், எல்லாம் எழுதியிருந்தாள். எல்லாக் கடிதமும் என்னையும் கூட்டிட்டுப் போங்க என்றே முடிந்தது. அதில் ஒரு வரி எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஏனென்றால் அத்தை இப்போது நல்ல பருமன். நாற்காலிப் படத்தை ஆல்பத்தில் ஒட்டி, அதன் கீழே அந்த வரியை வெள்ளைப் பென்சிலால் அழகாக எழுதினேன்.

‘அண்ணே, எனக்குப் பாதிச் சோறு போதும். என்னையும் கூட்டிட்டுப் போங்க.’

ஞாயிற்றுக்கிழமை அத்தை வழக்கம்போல லோக்கல் ரயிலில் வந்தாள். அவள் கல்யாணமாகித்தான் பம்பாய்க்கு வந்தாள். மாப்பிள்ளை பார்த்ததும் அப்பாதான். ஆனாலும் அம்மாவோடு வாய் ஓயாமல் பேசுகிறவள் அப்பாவிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் ஆல்பத்தைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். தாளைப் புரட்டிக்கொண்டே வந்தவள் அந்தப் படத்தில் நின்றாள். சிரிப்பாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வரி எங்கே கிடைத்தது என்று கேட்டாள். டப்பாவை எடுத்துவந்து, பத்தையும் கிழியாமல் திறக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று விவரமாகச் சொன்னேன்.

அத்தை உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நறுக்கிய ஓரத்தை விட்டுவிட்டு, சோறு ஒட்டிய மடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஏளா, பத்தும் ஒட்டியேவா இருந்துது?”

நான் தலையாட்டினேன். வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கம் அவள் திரும்பினாள்.

“திறந்துகூடப் பாக்கலியாண்ணே?”

அப்பா தெருவைப் பார்த்தபடியே சொன்னார். அப்போது ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தார்களாம். அதில் ஒருவனுக்குத்தான் வாசிக்கத் தெரியும். முதல் கடிதத்தை அவன் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தான். வாசித்து முடித்ததும் அறையில் ஒருவரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூட்டிவந்தால் எங்கே படுக்க வைப்பது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

“அதுக்கு மேல அடுத்தவன் வாயால கேக்க முடியல. கடுதாசி வந்தா, பிள்ளை உசுரோட இருக்குன்னு தெரியும். எடுத்து வச்சிருவேன்.”

“நீங்களே வாசிச்சிருக்கலாம்லா.”

“எனக்கு எங்க எழுத்துத் தெரியும்? நான் என்னைக்குப் பள்ளிக்கூடம் போனேன்?”

அது அத்தைக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரியாது. பஸ் போர்டை அவர் என்னை வாசிக்கச் சொல்லும்போதெல்லாம், கண் மங்கல், கண்ணாடி போட வேண்டும் என்றே நினைத்திருந்தேன். அத்தையோ, எல்லாக் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் அண்ணன் வராமல் இருந்தார் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

அவள் எழுந்துபோய் அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கடிதமாக வாசித்தாள். காய்ச்சல் கடிதத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது. கோழிக்குஞ்சுக் கடிதத்தை வாசிக்கும்போது அவளே சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தேநீரை இரண்டு முறை சூடாக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை அப்பா வேலை முடிந்து வரும்போது ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கிவந்தார். அத்தைக்கு எழுத வேண்டும், தான் சொல்லச் சொல்ல அப்படியே எழுது என்றார். நாலு நாளில் நேரிலேயே வரப்போகிற அத்தைக்கு எதற்குத் தபால் என்று கேட்டேன். எழுது என்றார். எழுதத் தொடங்கினேன்.

“காய்ச்சல் விட்டிருச்சா? கஞ்சி குடிச்சியா? கோழிக்குஞ்சப் பருந்து தூக்கிராமப் பாத்துக்கோ. பாதிச் சோறெல்லாம் வேண்டாம். முழுசாவே சாப்பிடலாம். அழாம இரு. அண்ணன் வந்து கூட்டிட்டு வாரேன்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தைக்கு இப்போது காய்ச்சலும் இல்லை, முலுண்டில் கோழியும் இல்லை. இப்படி ஒரு கடிதத்தை எழுதினால் மாமா என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அப்பா ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் சொல்ல, நான் பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறைப்படி, ‘இங்கு அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். ஞாயிறன்று தவறாமல் வரவும்’ என்று எழுதினேன். சொன்னது எல்லாவற்றையும் எழுதிவிட்டாயா என்று அப்பா கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். சம்பளப் பட்டியலுக்காகப் பழகியிருந்த கையெழுத்தை அவர் மெதுவாக அடியில் போட்டார். ஈரம் காயும்வரை தாளைக் கையில் பிடித்தபடியே என் எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில் அதைத் தபால் பெட்டியில் போட்டேன். பிழை ஒன்றும் இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம் அது என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.