கை சொன்ன எடை

"அக்கா, செயலியில ஒரு கிலோ மீனுக்குப் பணம் கட்டியிருக்காங்க. சரியா ஒரு கிலோ இருக்கா?" மீன்கடையில் பில் போடும் நான் கேட்டேன்.

"மீன் என்ன சோப்புக் கட்டியா, அளவெடுத்து வர?" மீன் வெட்டும் அக்கா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "இது தொள்ளாயிரத்து நாப்பது."

தராசும் அதையே காட்டியது. குறைந்த அறுபது கிராமுக்கான பணத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்பினேன்.

ஆறு மாதமாக அந்தக் கை தவறவே இல்லை. அந்தப் பிரமிப்பில் ஒருநாள், தராசின் எண் நிற்கும் முன்பே அவர் சொன்ன எடையைப் பில்லில் ஏற்றிவிட்டேன். அன்று மீன் அவர் சொன்னதைவிட நாற்பது கிராம் குறைவு. முகம் தெரியாத ஒருவர் இல்லாத மீனுக்குப் பணம் கொடுக்கவிருந்தார். தராசைப் பார்த்துப் பில்லை நிறுத்தியதும் அக்காதான்.

திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆச்சரியப்படு கண்ணு, வேணாங்கல. ஆனா என்னைக்கும் தராசு சொல்றத மட்டும் எழுது."