ஏறிய விலையும் மச்சினியும்

பதினெட்டு வருடமாக லேப்டாப் கடை நடத்துகிறவருக்கு வாடிக்கையாளர்களைச் சமாளிப்பது கஷ்டமில்லை. மச்சினியிடம்தான் வாயடைத்துப்போவார். புது வேலையில் சேர, திங்கட்கிழமைக்குள் அவளுக்கு ஒரு லேப்டாப் வேண்டும்.

"டாலர்தான் இறங்கிடுச்சே மாமா, விலை இறங்கலையா?"

"இது டாலர் உச்சத்துல இருந்தப்போ வாங்கின சரக்கும்மா. குறைச்சா கைநஷ்டம்."

"டாலர் ஏறின அன்னைக்கும் அலமாரியில பழைய விலைச் சரக்குதானே இருந்துச்சு? மத்தியானமே ஸ்டிக்கரை மாத்தினீங்க."

"அதை வித்த காசுலதானே அடுத்ததை வாங்கணும்? அது ஏறிடுச்சே."

"ஏறினா அடுத்த சரக்கு விலை, இறங்கினா பழைய சரக்கு விலை. தராசோட ரெண்டு தட்டும் உங்க பக்கமேதானா?"

அவர் தலையைச் சொறிந்தபடி மொத்த வியாபாரிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"குடோன் நிறைய பழைய விலைச் சரக்குதான் அண்ணே. டாலர் மறுபடி ஏறாதுன்னு யாரு கண்டா? ரெண்டு மாசம் போகட்டும், அப்புறம் விலை குறைக்கிறதைப் பார்ப்போம்" என்றார் வியாபாரி.

மச்சினி எழுந்து எதிர்க்கடைக்குப் போய்வந்தாள்.

"அவரும் இந்த வியாபாரிகிட்டதான் வாங்கினாராம். அதே கதைதான் சொன்னாரு. ஆனா எழுநூறு குறைச்சுத் தர்றாராம்."

கடைக்காரர் முகம் மாறியது. "நான் ஆயிரம் குறைக்கிறேன். வீட்ல உங்க அக்கா கேட்டா ரெண்டாயிரம்னு சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே பெட்டியோடு கிளம்பினாள். மற்ற லேப்டாப்களின் ஸ்டிக்கரை அவர் தொடவேயில்லை.